ஸ்டீயரிங் கனம்: கம்ஃபர்ட், ஸ்போர்ட் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது

ஸ்டீயரிங் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும். ஒன்று "கனமா இருக்கு", இல்லையென்றால் "லேசா இருக்கு". எந்த வேகத்தில், எந்த மோடில் என்று கேட்டால் பதில் வராது. ஆனால் பழுது எங்கே என்பதைச் சொல்வதே அந்த இரண்டு விவரமும்தான். டிரைவ் மோடு உள்ள வண்டி வைத்திருப்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று மாற்றிப் பார்ப்பதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஸ்கேனரைச் சொருகுவதற்கு முன்பே பாதி சந்தேகம் அதில் தீர்ந்துவிடும்.

இங்கே எழுதுவது டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீயரிங் தண்டிலேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கைப் பற்றி. நம் ஊரில் ஓடும் சின்ன கார்களிலும் நடுத்தர கார்களிலும் பெரும்பாலும் இதுதான். ஆயில் பம்பு வைத்த பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கிலும் வேகத்துக்கேற்ப கனம் மாறும் வகை உண்டு. ஆனால் அதன் பழுதுகள் வேறு, அதை இங்கே எடுக்கவில்லை.

## மோடு பொத்தான் எதைத் தொடுகிறது

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டின் நடுவில் இருக்கும் டார்ஷன் பார் என்ற மெல்லிய கம்பி மிகச் சிறிதளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை டார்க் சென்சார் அளந்து, "கை இவ்வளவு பலம் போடுகிறது" என்று கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற தகவல் ஏபிஎஸ் பெட்டியிலிருந்து வரும். இந்த இரண்டையும் வைத்து, மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் கொடுக்கலாம் என்று பெட்டி தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யும். நிற்கும்போது தாராளமாகக் கொடுக்கும், வேகம் ஏற ஏறக் குறைத்துக்கொண்டே போகும். பார்க்கிங்கில் ஒரு விரலால் சுற்றும் ஸ்டீயரிங் நூறில் போகும்போது கனத்து நிற்பது இதனால்தான்.

ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் அந்த அட்டவணைக்குப் பதில் இன்னொரு அட்டவணை வருகிறது. அவ்வளவுதான். கை அதே பலம் போட்டாலும் மோட்டார் கொஞ்சம் குறைவாகவே உதவும். மீதியைக் கை சுமக்க வேண்டும். இதோடு சேர்த்து, ஸ்டீயரிங் வேகமாக ஆடுவதை அடக்கும் டேம்பிங்கையும், வளைவு முடிந்ததும் நடுவுக்குக் கொண்டுவரும் உதவியையும் சில வண்டிகளில் கொஞ்சம் மாற்றியிருப்பார்கள்.

மாறாதது எது என்பதும் முக்கியம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை சுற்று என்பது மாறாது, ஏனென்றால் சக்கரங்களை இடமும் வலமும் தள்ளும் ரேக்கின் பல் அப்படியேதான் இருக்கிறது. (கியர் விகிதத்தையே ஓடும்போது மாற்றும் ஏற்பாடும் உண்டு, பிஎம்டபிள்யூ 2003-இல் 5 சீரிஸில் கொண்டுவந்த ஆக்டிவ் ஸ்டீயரிங் அப்படிப்பட்டது. அது தனி இனம்.) "ஸ்போர்ட்ல போட்டா வண்டி ஷார்ப்பா திரும்புது" என்று சாதாரணக் காரில் ஒருவர் சொன்னால், கனம் கூடியதால் அவர் கை நிதானமாகத் திருப்புகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். டயரை முறுக்கத் தேவையான மொத்த பலமும் மாறுவதில்லை. கையும் மோட்டாரும் அதை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது மட்டுமே மாறுகிறது. இந்தப் பங்குக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் தானாகப் புரியும்.

## ஒரு தராசு வேண்டும்

கை சொல்வதை நம்பக்கூடாது. காலையில் ஒரு மாதிரி சொல்லும், அலுத்து வந்த மாலையில் வேறு மாதிரி சொல்லும். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சக்கரங்களை நேராக வையுங்கள். ஸ்டீயரிங் வளையத்தில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி, அதில் கொக்கியை மாட்டி, ஆரத்துக்குச் செங்குத்தாக, ஒரே சீராக இழுங்கள். ஸ்டீயரிங் நகர ஆரம்பித்த பிறகு, நகர்ந்துகொண்டிருக்கும்போது தராசு காட்டும் எண்தான் கணக்கு. முதல் வெட்டில் காட்டுவதை விட்டுவிடுங்கள்.

நல்ல நிலையில் உள்ள சின்னக் காரில் இது பெரும்பாலும் 3 கிலோவை ஒட்டி வரும். 37 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் 3 கிலோ என்பது சுமார் 5.4 நியூட்டன் மீட்டர் டார்க். சரியான எல்லை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைவிட முக்கியம், வண்டி நன்றாக இருக்கும் காலத்திலேயே கம்ஃபர்டில் எவ்வளவு, ஸ்போர்ட்டில் எவ்வளவு என்று இழுத்துப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது. பல வண்டிகளில் நின்றபடி பார்த்தால் இரண்டு மோடுக்கும் வித்தியாசமே இருக்காது. பார்க்கிங்கில் யாரும் கனத்தை விரும்புவதில்லை என்பதால் தயாரிப்பாளரே இரண்டு அட்டவணையையும் அந்த இடத்தில் ஒன்றாக வைத்திருப்பார். உங்கள் வண்டி எந்த ரகம் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் பின்னால் வரும் சோதனை வேலை செய்யும்.

## அறிகுறி: ஸ்போர்ட் போட்டாலும் கனம் மாறவில்லை

இதில் பாதிக்கு மேல் பழுதே இல்லை. முதலில், எங்கே சோதித்தீர்கள் என்று பாருங்கள். மேலே சொன்னபடி நின்ற இடத்தில் வித்தியாசம் தெரியாத வண்டிகள் நிறைய. காலியான சாலையில் 50, 60 வேகத்தில் ஒரு நீண்ட, மெதுவான வளைவில் போய், அதே வளைவில் மறுபடி வந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எப்போது பொத்தானை அழுத்தினீர்கள் என்று பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது மோடு மாற்றினால் மீட்டரில் எழுத்து உடனே மாறிவிடும், ஆனால் கனம் மாறாது. கை வளைத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் உதவியைத் திடீரென்று குறைத்தால் ஸ்டீயரிங் கையில் வெட்டும். அதனால் ஸ்டீயரிங் நேருக்கு வரும்வரை பெட்டி காத்திருந்து, பிறகுதான் மாற்றும். சில வண்டிகளின் ஓனர் மேனுவலிலேயே இதை எழுதியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. நேராகப் போகும்போது அழுத்திவிட்டு, அடுத்த வளைவில் பாருங்கள்.

மூன்றாவது, அந்த மோடு ஸ்டீயரிங்கைத் தொடுகிறதா என்பதே. எஞ்சின், கியர் இரண்டை மட்டும் மாற்றிவிட்டு ஸ்டீயரிங்கை விட்டுவிடும் ஸ்போர்ட் மோடுகள் உண்டு. வேறு சில வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குத் தனி அமைப்பு திரை மெனுவுக்குள் இருக்கும். அங்கே கம்ஃபர்ட் என்று வைத்திருந்தால் வெளியே எந்த மோடு போட்டாலும் அதுவே நிற்கும்.

இந்த மூன்றும் இல்லை, முன்பு மாறியது இப்போது மாறவில்லை என்றால் மட்டும் பழுதைச் சந்தேகிக்கலாம். அப்போது ஸ்டீயரிங் பெட்டி ஏதோ குறையைக் கண்டு நிலையான உதவிக்குப் போயிருக்கும், மோடு கோரிக்கையை அது கண்டுகொள்ளாது. ஸ்கேனரில் ஸ்டீயரிங் பெட்டிக்குள் போய்ப் பாருங்கள். எஞ்சின் பழுதுக் கோடு மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் "கோடு இல்லை" என்று சொல்வதை நம்பி உட்காராதீர்கள்.

## அறிகுறி: பார்க்கிங்கில் கனம், விளக்கு எதுவும் எரியவில்லை

அதிகம் வருவது இதுதான், அதிகம் காசு வீணாவதும் இதில்தான். விளக்கு எரியாததால் "ரேக் போச்சு" என்று ஒருவர், "மோட்டார் வீக்" என்று இன்னொருவர், ஆளுக்கொரு பெரிய பில் எழுதுவார்கள்.

இங்கேதான் மோடு சோதனை கைகொடுக்கும். நல்ல நிலையில் நின்றபடி இரண்டு மோடுக்கும் தராசில் வித்தியாசம் காட்டிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டிலும் இழுத்துப் பாருங்கள். இரண்டும் கூடியிருக்கிறது, ஆனால் நடுவில் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கிறது என்றால், மோட்டார் தன் வேலையைச் செய்கிறது, சுமைதான் கூடிவிட்டது. டயர், சஸ்பென்ஷன், தண்டு என்று தேடுங்கள். வித்தியாசமே மறைந்துபோய் கம்ஃபர்டும் ஸ்போர்ட்டும் ஒரே கனமாக இருக்கிறதா? அப்படியென்றால் மோட்டாருக்குப் போகும் கரன்ட் எங்கோ ஓர் எல்லையில் முட்டி நிற்கிறது. கம்ஃபர்ட் 45 ஆம்பியர் கேட்கிறது, ஸ்போர்ட் 38 கேட்கிறது, ஆனால் வருவது 30தான் என்றால் இரண்டுக்கும் கிடைப்பது அந்த 30தானே. இந்த எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை. உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கும், விஷயம் அதேதான்.

முதல் வகை, அதாவது சுமை கூடியது. டயர் காற்றிலிருந்து ஆரம்பியுங்கள். 33 இருக்க வேண்டிய முன் டயரில் 24 இருந்தால் நின்ற இடத்தில் திருப்பும்போது நன்றாகவே தெரியும். அகலமான டயருக்கு மாற்றியிருந்தால் அதுவும் சேரும். காற்று சரி என்றால் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரங்கள் தரையில் படாமல் ஸ்டீயரிங்கைச் சுற்றுங்கள். சாவியை அணைத்து, லாக்கை மட்டும் விடுவித்துச் சுற்ற வேண்டும். அப்போது மோட்டார் உதவி கிடையாது. மோட்டாரையும் சேர்த்துச் சுற்றுவதால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், ஆனால் சீராக இருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு முறை இறுகி, இரண்டு முறை தளர்ந்தால் தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளிலும், கடற்கரை ஊர் வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். ஒரு பக்கக் கோடியில் மட்டும் இறுகினால் ரேக் வளைந்திருக்கலாம்.

இரண்டாவது வகை, கரன்ட் முட்டி நிற்பது. இதிலும் ஒன்று பழுது இல்லை. இடுக்கான இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை ஒடித்து ஒடித்து வண்டியை நுழைக்கும்போது மோட்டாரும் பெட்டியும் சூடாகும். சூடு ஏறினால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். சும்மா கொஞ்ச நேரம் விட்டால் திரும்பி வந்துவிடும். கோடி வரை திருப்பி அங்கேயே அழுத்திப் பிடித்திருப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். முட்டியதும் இம்மியளவு திரும்ப விட்டால் போதும். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் இதை முதலில் கேளுங்கள்.

சூடு இல்லாதபோதும் வித்தியாசம் மறைந்திருந்தால் அது வோல்டேஜ். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. மெதுவாகத் திருப்பினால் லேசாக வரும், விரைவாகத் திருப்பினால் நடுவில் யாரோ பிடித்தது போல் சட்டென்று இறுகும். மோட்டார் வேகமாகச் சுற்ற வோல்டேஜ் வேண்டும். அது போதாதபோது மோட்டார் பின்தங்கி, சுமை முழுவதும் கைக்கு வந்துவிடும்.

### ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்

தெரிந்தவர் ஒருவரின் கார். பகலில் பிரச்சினை இல்லை, இரவில் வீட்டு கேட்டுக்குள் ஒடிக்கும்போது மட்டும் கனம் என்றார். பேட்டரி புதிது. ஒரு வொர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் தண்டை மோட்டாரோடு மாற்றச் சொல்லியிருந்தார்கள். தராசில் கம்ஃபர்ட் 4.6 கிலோ, ஸ்போர்ட் 4.7. இரண்டும் ஏறத்தாழ ஒன்று. டயர் காற்று சரியாக இருந்தது. ஆக, கரன்ட் முட்டுகிறது.

இரவில் என்றால் ஹெட்லைட்டும் ஏசியும். இரண்டையும் போட்டு, எஞ்சினை ஐடிலில் வைத்து, ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லி அளந்ததில், பேட்டரி முனைகளில் 13.1 வோல்ட். அது சரிதான். ஸ்டீயரிங் பெட்டியின் பெரிய கனெக்டரில் அதே நேரத்தில் 11.2. வழியில் 1.9 வோல்ட் காணாமல் போகிறது. பாசிட்டிவ் பக்கம் முழுக்க, ஃபியூஸ் உட்பட, 0.3 மட்டுமே விழுந்தது. எர்த் பக்கம் 1.6. கிளாம்ப் மீட்டரில் மோட்டார் லைன் 38 ஆம்பியர் காட்டியது. 38-ஐ 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 60 வாட். அவ்வளவு சூடும் ஒரே ஒரு இடத்தில் இறங்குகிறது என்று பொருள், அதனால் தேடுவதற்கு மீட்டர்கூட வேண்டாம். எர்த் கேபிள்களின் முனையில் போல்ட் போடும் லக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில், முன்பக்க ஏப்ரனில் பாடியோடு சேரும் லக் விரல் வைக்க முடியாமல் சுட்டது.

போல்ட்டைக் கழற்றினால் அடியில் பளபளவென்று வண்டி நிறத்திலேயே பெயின்ட். முன்பு எப்போதோ இடித்து, அந்தப் பக்கம் தட்டியெடுத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மறைக்க வேண்டிய எர்த் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். லக் உலோகத்தைத் தொட்டதெல்லாம் போல்ட்டின் மரை வழியாகத்தான். உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை சுரண்டி, லக்கையும் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் எர்த் பக்க இழப்பு 0.1 வோல்ட்டுக்கு வந்தது. மோட்டார் 47 ஆம்பியர் எடுத்தது. தராசில் கம்ஃபர்ட் 2.9, ஸ்போர்ட் 3.5. கனம் குறைந்ததைவிட, இரண்டு மோடுக்கும் நடுவில் வித்தியாசம் திரும்பி வந்ததுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

இந்த அளவை நீங்களே எடுப்பதாக இருந்தால் சில கவனங்கள் வேண்டும். வோல்டேஜ் இழப்பை ஸ்டீயரிங் திரும்பிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்; சும்மா நிற்கும்போது கரன்ட் ஓடாது, துருப்பிடித்த எர்த்தும் அப்போது நல்லதாகவே காட்டும். மீட்டர் ஊசியை பேட்டரியின் கிளாம்பில் வைக்காமல் அதன் ஈயத் தலையிலேயே வையுங்கள், அப்போதுதான் கிளாம்பு தளர்ந்திருந்தாலும் தெரியும். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் சந்தேகப்படலாம், அரை வோல்ட் என்றால் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர்கள் தென்பட்டால் அவை ஏர்பேக்குடையவை, அங்கே ஊசியைக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

## அறிகுறி: வேகம் ஏறியும் கனம் ஏறவில்லை, அல்லது கனம் திடீரென்று மாறுகிறது

நேர்ச்சாலையில் எண்பதில் போகும்போதும் ஸ்டீயரிங் பார்க்கிங் மாதிரியே வழுக்குகிறது, ஸ்போர்ட் போட்டாலும் கொஞ்சம்தான் இறுகுகிறது என்றால், பெட்டிக்கு வேகம் சரியாகப் போய்ச் சேரவில்லை. இது ஓட்ட ஆபத்தான நிலை, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள். நடைமுறையில் இதன் தலைகீழ்தான் அதிகம் வரும். வேகத் தகவல் அறுந்துபோனது என்று பெட்டிக்குத் தெரிந்துவிட்டால், பல வண்டிகளில் அது பாதுகாப்புக்காக அதிவேகத்துக்குரிய குறைந்த உதவியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது ஹைவேயில் எல்லாம் வழக்கம்போலவே தெரியும், ஊருக்குள் வந்ததும் கனக்கும். முந்தைய அறிகுறியோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் இதில் ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரியும், பெரும்பாலும் ஸ்டீயரிங் விளக்கும் எரியும்.

ஸ்கேனரில் ஸ்டீயரிங் பெட்டிக்குள் U0121 என்ற பழுதுக் கோடு இருந்தால் ஏபிஎஸ் பெட்டியோடு பேச்சே இல்லை; வயர், கனெக்டர், ஏபிஎஸ் ஃபியூஸ் என்று பாருங்கள். U0415 இருந்தால் பேச்சு இருக்கிறது, வருகிற தகவல் செல்லாது. அப்படியென்றால் கோளாறு ஸ்டீயரிங்கில் இல்லை, ஏபிஎஸ் பெட்டிக்குள் போய் எந்தச் சக்கரம் என்று பார்க்க வேண்டும். நாலு சக்கர வேகத்தையும் திரையில் வைத்துக்கொண்டு இருபதில் நேராக ஓட்டினால், ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நிற்பதோ விட்டுவிட்டுத் துள்ளுவதோ தெரிந்துவிடும்.

சமீபத்தில் வீல் பேரிங் மாற்றியிருந்தால் அந்தச் சக்கரத்தை முதலில் சந்தேகியுங்கள். இப்போதைய பேரிங்குகளில் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும், சென்சார் படிப்பது அதைத்தான். பேரிங்கைத் திருப்பிப் போட்டுப் பிரஸ் செய்துவிட்டால் சக்கரம் நன்றாகச் சுற்றும், சத்தம் இருக்காது, ஆனால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும். பிரஸ் செய்வதற்கு முன் ஒரு காகித கிளிப்பைக் கிட்டே காட்டினால் காந்தப் பக்கம் லேசாக இழுக்கும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். போட்ட பிறகு கண்டுபிடித்தால் பேரிங் வீண், கழற்றும்போது கெட்டுவிடும்.

பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் பதறாதீர்கள். பல வண்டிகளில் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் ஒருமுறை திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானாக அணைந்துவிடும்.

## அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது

இழுப்பு என்றால் அலைன்மென்ட் என்று நேரே போய் நிற்பது வழக்கம். அதற்கு முன் மோடை மாற்றிப் பாருங்கள். டயரோ கோணமோ வண்டியை இழுத்தால், அந்தப் பலத்தைக் கையும் மோட்டாரும் பங்கு போட்டுத்தான் எதிர்க்கின்றன. ஸ்போர்ட்டில் மோட்டார் பங்கு குறைவதால், நேராக வைத்திருக்கக் கை போட வேண்டிய பலம் கூடும். இழுப்பு ஸ்போர்ட்டில் அதிகமாகத் தெரிந்தால் தவறு கீழே, சக்கரப் பக்கம். முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டதும் இழுப்பும் பக்கம் மாறினால் டயரேதான் (ஒரே பக்கம் சுழல வேண்டிய டயர் என்றால் இந்தச் சோதனை கூடாது).

கம்ஃபர்டில்தான் இழுப்பு அதிகம், ஸ்போர்ட்டில் குறைகிறது என்றால் கதை வேறு. டார்க் சென்சாரின் பூஜ்யம் நகர்ந்திருக்கலாம். கை தொடாதபோதும் "கொஞ்சம் வலது பக்கம் தள்ளுகிறார்" என்று சென்சார் சொல்கிறது, மோட்டார் அதை நம்பி உதவுகிறது. கம்ஃபர்டில் உதவி தாராளம் என்பதால் தவறும் தாராளமாக வருகிறது. இதற்கு இன்னொரு சாட்சி வேண்டுமென்றால், முன் சக்கரங்களைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் மெல்ல நகர்ந்தால் சந்தேகமே இல்லை.

தண்டு மாற்றியபோது பூஜ்யம் வைக்காமல் விட்டிருந்தாலோ, வைக்கும்போது யாராவது ஸ்டீயரிங்கில் கை வைத்திருந்தாலோ இப்படி ஆகும். மறுபடி வைப்பது ஸ்கேனரில் சில நிமிட வேலை. சமதளத்தில் சக்கரம் நேராக இருக்க வேண்டும். கதவைச் சாத்துவது, வண்டியில் சாய்வது எதுவும் கூடாது, ஸ்டீயரிங்கை யாரும் தொடக்கூடாது. ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்யம் தனி, அதை அலைன்மென்ட் முடிந்த பிறகு வைக்க வேண்டும். முன்னதை மட்டும் செய்துவிட்டு "கேலிப்ரேஷன் பண்ணியாச்சு" என்பவர்களும் உண்டு, பின்னதை மட்டும் செய்பவர்களும் உண்டு. எதைச் செய்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

## அறிகுறி: வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் நடுவுக்கு வரவில்லை

முச்சந்தியில் இருபது வேகத்தில் திரும்பிவிட்டுக் கைப்பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகச் சுழன்று பெரும்பகுதி நேருக்கு வர வேண்டும். ஸ்போர்ட்டில் மட்டும் கொஞ்சம் சோம்பலாக வருகிறது, கம்ஃபர்டில் சரியாக வருகிறது என்றால் அது டேம்பிங் கூடியதன் விளைவு, பழுது இல்லை. ஸ்போர்ட்டில் கனம் கூடினாலும் சாலையின் நுண்ணிய அதிர்வு கைக்கு வருவது கூடாமல் போவதற்கும் இந்த டேம்பிங்தான் காரணம். கனத்தையே உணர்வு என்று விற்கிறார்கள் என்பது என் கருத்து.

இரண்டு மோடிலும் வரவில்லை என்றால் எங்கோ உராய்வு. நடுவுக்கு வரும்போது கை பலம் போடுவதில்லை, ஆகவே மோட்டார் உதவியும் அதிகம் இல்லை. டயரின் சொந்த முயற்சி உராய்வோடு தனியாகப் போராடுகிறது. மேலே சொன்ன யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டு, அடுத்து முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பேரிங்குக்குப் போங்கள். வண்டியை நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப, நீங்கள் வீல் ஆர்ச்சுக்குள் கை விட்டு, சுருள்களுக்கு நடுவில் விரல் போகாமல், ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து சீராகச் சுழலும். இறுகியிருந்தால் கொஞ்ச தூரம் முறுக்கிக்கொண்டே போய், "டங்" என்று ஒரு துள்ளலில் விடுபடும். அந்தத் துள்ளல் உள்ளங்கையில் தெளிவாகத் தெரியும். ஷாக் மாற்றும்போது பழைய பேரிங்கையே திருப்பிப் போட்ட வண்டிகளில் இது அதிகம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, கோண சென்சார் பூஜ்யத்தை வைத்துவிட்டு, இரண்டு மோடிலும் அதே முச்சந்தியில் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.